பின்கோடு கடலூர் பக்கம், வீடு புதுச்சேரியில்: முகவரியை எப்படி எழுதுவது?

கேள்வி: பாகூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. புரோக்கர் சொன்ன 605001 என்ற பின்கோடைத்தான் எல்லா இடத்திலும் கொடுத்தேன். பான் கார்டு திரும்பிப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் 607402 என்கிறார்கள். அதைப் போட்டால் ஷாப்பிங் தளத்தில் 'தமிழ்நாடு, கடலூர்' என்று வருகிறது. கூரியர் பையன் தினமும் போன் செய்து வழி கேட்கிறார். சரியான முகவரியை எப்படி எழுதுவது?
— பாகூர் வாசகி

பக்கத்து வீட்டார் சொன்னதுதான் சரி. 607402 பாகூர் அஞ்சலகத்தின் எண். 605001 புதுச்சேரி தலைமை அஞ்சலகத்தின் எண். புரோக்கரைக் குறை சொல்லவும் முடியாது. பாண்டி என்றாலே 605001 என்று நம்மில் பாதிப்பேர் எழுதிப் பழகியிருக்கிறோம்.

தபால் பிரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்கள் பான் கார்டு எங்கே தவறியது என்பது புரிந்துவிடும். கவர் கைக்கு வந்ததும் எங்கள் கண் முதலில் போவது கீழ் மூலையில் இருக்கும் ஆறு எண்களுக்கு. ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாம் அப்புறம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி இருக்கும் தெற்கு மண்டலம். முதல் மூன்று எண்கள் சேர்ந்து கவர் எந்தப் பையில் விழ வேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். உங்கள் கவரில் 605001 இருந்ததால் அது நேராகப் புதுச்சேரி தலைமை அஞ்சலகத்துக்குப் போயிருக்கும். அங்கே இருக்கும் தபால்காரர்களுக்கு நேரு வீதியும் மிஷன் வீதியும் அத்துப்படி. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாகூரின் குறுக்குத் தெரு அவர்களில் யாருடைய பீட்டிலும் வராது. ('பீட்' என்றால் ஒரு தபால்காரர் தினமும் சுற்றும் தெருக்கள்.) விவரம் தெரிந்தவர் கண்ணில் பட்டால் பின்கோடைத் திருத்திப் பாகூருக்கு அனுப்பிவிடுவார், ஒன்றிரண்டு நாள் தாமதத்தோடு வந்து சேரும். வேலை நெருக்கடியில் இருப்பவர் கையில் போனால் 'முகவரி போதாது' என்று எழுதித் திருப்பிவிடுவார். உங்களுடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் இருக்கும் ஊருக்குக் கடலூர் பக்கத்து எண் எப்படி வந்தது? பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தபோது, தபால் பை எந்த வழியாகப் போகிறது என்பதை வைத்துத்தான் எண் கொடுத்தார்கள். மாநில எல்லையை அது முழுதாகப் பின்பற்றுவதில்லை. கடலூர் 607001, நெல்லிக்குப்பம் 607105, பண்ருட்டி 607106 என்று போகும் அதே 607 வரிசையில் பாகூரும் இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள், விழுப்புரம் தமிழ்நாடு, ஆனால் அதன் எண் 605602. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, எண் 605101. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, எண் 609602. ஆகவே எண்ணை வைத்து மாநிலத்தைச் சொல்ல முடியாது, மாநிலத்தை வைத்து எண்ணையும் சொல்ல முடியாது.

ஷாப்பிங் தளம் இந்தக் கதை எல்லாம் தெரியாமல் 607 என்றதும் தமிழ்நாடு என்று நிரப்பிவிடுகிறது. மாற்ற விட்டால் மாற்றுங்கள். மாற்ற விடவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும், ஊர் வரியில் 'பாகூர், புதுச்சேரி மாநிலம்' என்று நீங்களே சேர்த்து எழுதுங்கள். பெட்டி பின்கோடை வைத்துத்தான் வந்து சேரும். மாநிலம் சரியாக வரவேண்டும் என்பதற்காகப் பின்கோடை 605 என்று மாற்றுவதுதான் பெரிய தப்பு. ஆனால் ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை விஷயத்தில் இந்த விட்டுக்கொடுத்தல் கூடாது. அங்கே மாநிலமும் மாவட்டமும் புதுச்சேரி என்றே இருக்க வேண்டும், பின்கோடு 607402 என்றே இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் அஞ்சலகத்தின் பெயரை, அஞ்சல்துறை எழுதுகிற மாதிரியே `Bahour` என்று எழுதுங்கள். `Bagur`, `Bagoor` என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால் அடுத்த மாநிலத்தில் பிரிப்பவர் தடுமாறுவார்.

அடுத்தது வீட்டு எண். இதில் தமிழில் ஒரு வினோதமான சிக்கல் இருக்கிறது. அடுக்குமாடி வீடும் 'பிளாட்', மனையும் 'பிளாட்'. 'பிளாட் எண் 12' என்று நீங்கள் எழுதினால் அது பன்னிரண்டாம் மனையா, பன்னிரண்டாம் எண் வீடா? நான் பார்த்த ஒரு கவரில் 'பிளாட் 4, பிளாட் 17' என்றே எழுதியிருந்தது. எழுதியவருக்குப் புரிந்திருக்கும், வேறு யாருக்கும் புரியவில்லை. தமிழில் 'வீடு எண்', 'மனை எண்' என்றும், ஆங்கிலத்தில் `Flat No`, `Plot No` என்றும் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

உங்களுடையது புதுக் கட்டடம் என்பதால் கொம்யூன் பஞ்சாயத்து கொடுக்கும் கதவு எண் இன்னும் வராமல் இருக்கலாம். வீட்டு வரி போட்டு எண் கொடுக்கும்வரை பத்திரத்தில் இருக்கும் மனை எண்ணை, மனை எண் என்று சொல்லியே எழுதுங்கள். கதவு எண் வந்த பிறகு இரண்டையும் கொஞ்ச நாள் சேர்த்து எழுதலாம். வெறும் '12' என்று விட்டால், அதே தெருவில் கதவு எண் 12 உள்ள பழைய வீட்டுக்காரருக்கு உங்கள் தபால் போய்க்கொண்டே இருக்கும்.

அடையாளம் எழுதுவதைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் கூரியர் பையனின் போன் தொல்லை அதனால்தான். 'மூலநாதர் கோவில் அருகில்' என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாகூரில் பாதி ஊர் மூலநாதர் கோவில் அருகில்தான். பெரிய கோவிலும் ஏரியும் ஊருக்குள் நுழைந்துவிட்டோம் என்று சொல்ல உதவும், கதவைக் காட்டாது. உங்கள் தெருமுனையில், வண்டியில் வருபவர் கண்ணுக்குத் தெரிகிற, அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கப்போகிற ஒன்றைத் தேடுங்கள். தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், அங்கன்வாடி எல்லாம் சரி. டீக்கடையும் பேக்கரியும் வேண்டாம், ஆறு மாதத்தில் பெயர்ப்பலகை மாறிவிடும். அப்புறம் 'அருகில்' என்று விடாதீர்கள். 'எதிரில்', 'பின்புறம்', 'தாண்டி இடதுபுறம் இரண்டாவது கட்டடம்' என்று திசையோடு எழுதுங்கள். ஒரே அடையாளம் போதும். மூன்று எழுதினால் மூன்று இடத்தில் தேடுவார்.

ஆனால் அடையாளத்தைத் தெருவுக்குப் பதிலாக எழுதக் கூடாது. பல தளங்களில் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கும், லேபிள் அச்சாகும்போது அந்தக் கட்டம் விடுபடுவதும் உண்டு. தெரு, நகர் பெயர் எல்லாம் முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் உங்கள் முகவரி இப்படி இருக்கும். எண்கள் உதாரணத்துக்கு.

```
(உங்கள் பெயர், இனிஷியலோடு)
வீடு எண் 104, முதல் மாடி, (குடியிருப்பின் பெயர்)
மனை எண் 12, 2வது குறுக்குத் தெரு, (நகரின் பெயர்)
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்
பாகூர் அஞ்சல்
புதுச்சேரி - 607402
செல்போன் எண்
```

'பாகூர் அஞ்சல்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பின்கோடில் ஓர் எண் அழிந்துபோனாலும் அது காப்பாற்றும். உங்கள் 'நகர்' பெயர் காமராஜர் பெயரோ அண்ணா பெயரோ ஆக இருந்தால் அந்த வரி இன்னும் முக்கியம், அந்தப் பெயரில் புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனையோ நகர்கள்.

புது விஷயம் ஒன்றும் உண்டு: 2025 மே 27 அன்று அஞ்சல்துறை டிஜிபின் என்று 10 எழுத்துக் குறியீடு ஒன்றை வெளியிட்டது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அது இருக்கும் இடத்தைச் சொல்லும், மாடியைச் சொல்லாது. உங்கள் வீட்டுக்கும் நேர் மேல் மாடி வீட்டுக்கும் ஒரே குறியீடுதான் வரும். பின்கோடுக்கு அது மாற்றும் இல்லை.

முகவரி எல்லாம் சரியாக இருந்தும் தபால் திரும்புகிற இன்னொரு இடம் உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம். பான் கார்டில் உங்கள் பெயர் அப்பாவின் இனிஷியலோடு இருக்கும், தபால் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். புதுக் கட்டடம், தபால்காரருக்கு யாரையும் தெரியாது. வாட்ச்மேனிடம் கேட்பார், அவர் அப்படி யாரும் இல்லை என்பார், கதை முடிந்தது. பெட்டியில் வீட்டு எண்ணோடு, தபால் வரக்கூடிய எல்லாருடைய பெயரையும் எழுதி ஒட்டுங்கள். வாடகைக்கு இருந்தால் முகவரியில் 'மேற்பார்வை' என்று வீட்டுக்காரர் பெயரைச் சேர்ப்பதும் நல்லது.

ஸ்பீடு போஸ்ட் எண் கையில் இருந்தால் டிராக்கிங்கைப் பார்த்தே நோய் என்ன என்று கண்டுபிடிக்கலாம். கவர் பாகூருக்கு வராமலே புதுச்சேரி தலைமை அஞ்சலகத்தில் நின்றிருந்தால் பின்கோடு தப்பு. பாகூர் வரை வந்து `Insufficient Address` என்று இருந்தால் தெரு அல்லது வீட்டு எண் போதவில்லை. `Door Locked` என்றால் முகவரி சரி, ஆள்தான் இல்லை. அந்த நிலையில் பதறாமல் அடையாள அட்டையோடு அஞ்சலகத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், திருப்பி அனுப்பும் முன் சில நாள் அங்கேயே வைத்திருப்பார்கள்.

பான் கார்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கும் முன் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் அதில் உள்ள முகவரிக்குத்தான் கார்டு வரும், பழையதையே வைத்துக்கொண்டு கேட்டால் மறுபடியும் தலைமை அஞ்சலகத்துக்கே போய் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. கடலூருக்கோ பாண்டிக்கோ போகும்போது, மேலே சொன்ன முகவரியை எழுதி உங்களுக்கே ஒரு கவரைத் தபால் பெட்டியில் போடுங்கள். வந்து சேர்ந்ததும் பின்பக்கம் திருப்பி முத்திரைகளைப் பாருங்கள். வேறு அஞ்சலகத்தின் முத்திரையோ, யாரோ பேனாவால் திருத்திய பின்கோடோ இருந்தால் கவர் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியானால் பாகூர் அஞ்சலகத்துக்குக் காலையில், தபால்காரர்கள் கிளம்பும் முன் போய், உங்கள் தெரு யாருடைய பீட்டில் வருகிறது என்று கேளுங்கள். அவரையே நேரில் பார்த்து வீட்டைச் சொல்லிவிட்டு வாருங்கள்.