டெக்கரேஷன் வேலைக்குக் கூலி பேசும்போது கழற்றும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்

கேள்வி: கல்யாண சீசனில் டெக்கரேஷன், பரிமாறுதல் மாதிரி வேலைக்குப் போய்க் கொஞ்சம் கைக்காசு பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதற்குப் போகலாம், கூலி எப்படிப் பேசுவது?

பரிமாறும் வேலையில் பந்தி முடிந்தால் உங்கள் வேலையும் அநேகமாக முடிந்துவிடும். டெக்கரேஷனில் அப்படியில்லை. கட்டியதை விசேஷம் முடிந்ததும் கழற்றியாக வேண்டும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

ஒரு கணக்குப் பாருங்கள். மாலை 6 மணி வரவேற்புக்குக் காலை 8 மணிக்கு வண்டியிலிருந்து சாமான் இறக்குகிறீர்கள், 4 மணிக்கு மேடை தயார். கூட்டம் கலைய இரவு 11 ஆகும். அதன்பிறகு கழற்றி, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றிக் குடோனில் இறக்கினால் 2.30. உடம்பு வேலை பதினொன்றரை மணி நேரம், ஆனால் வீட்டை விட்டிருந்தது பதினெட்டரை மணி நேரம். "ஒரு விசேஷத்துக்கு இவ்வளவு" என்று பேசியிருந்தால் காத்திருந்த ஏழு மணி நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால் முதலிலேயே கேளுங்கள்: கட்ட மட்டுமா, கழற்றவும் சேர்த்தா? சேர்த்து என்றால் நடுவில் வீட்டுக்குப் போய்வரலாமா? ராத்திரி திரும்ப வண்டி யார் பொறுப்பு? கட்ட மட்டும் போகிறேன் என்று சொன்னாலும் நல்ல காண்ட்ராக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கழற்ற வேறு ஆள் பிடிப்பார், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் அங்கேயே பரிமாறி இரட்டைக் கூலி வாங்குபவர்களும் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். நாள் முழுக்க நின்ற காலோடு நடுராத்திரியில் ஏணி ஏறுவது வேண்டாத வேலை.

அடுத்த விசேஷத்துக்கும் உங்களைக் கூப்பிட வேண்டும் என்றால் சின்ன விஷயங்களில் கை படிய வேண்டும். பின்னணித் துணியை நடுவில் முதலில் குத்திவிட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு மடிப்பாகப் போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் ஒரு பக்கம் துணி பற்றாமல் இழுக்கும். பூ செருகும் பச்சை ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் அமுக்காதீர்கள். மேலே மிதக்கவிட்டால் தானாக ஊறி இறங்கும். அமுக்கினால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்தே நிற்கும், அந்த இடத்தில் தண்டு பட்ட பூ சீக்கிரமே தலை சாயும். ஒருமுறை ஊறிக் காய்ந்த ஸ்பாஞ்சு மறுபடி சரியாகத் தண்ணீர் இழுக்காது, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் டையை இறுக்கியபின் வாலை ஒட்ட நறுக்குங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகிறவர்களின் பட்டுத்துணி மாட்டிக் கிழியும், பழி உங்கள் மேல் வரும்.

இன்னொன்று, உடைந்த சாமானுக்குக் கூலியில் பிடிப்பார்கள். கண்ணாடி ஜாடி, விளக்கு மாதிரி எதையும் வாங்கும்போதே எண்ணி, கீறல் விழுந்ததைத் தனியே வைத்துப் போட்டோ எடுத்து, கொடுத்தவரிடமே அங்கேயே காட்டிவிடுங்கள். காசையும் கடைசிச் சாமான் வண்டியில் ஏறும்போதே கேளுங்கள். "பார்ட்டி பாக்கி வந்ததும் தருகிறேன்" என்றால் எந்தத் தேதி என்று போனில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிற ஆளிடம் அடுத்த தடவை பாதி முன்பணம் வாங்காமல் போகாதீர்கள்.