ரிமோட் பிளேக்கு வீட்டு இண்டர்நெட் போதுமா?

கேள்வி: சென்னையில் ஃபிளாட்டில் இருக்கிறோம், 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன். ஹாலில் டிவியை வீட்டில் எல்லோரும் பார்க்கும்போது, பிஎஸ்5 கேமை பெட்ரூமில் லேப்டாப்பிலோ போனிலோ ரிமோட் பிளேயில் விளையாட முடியுமா? நன்றாக இருக்குமா, இல்லை இதற்காகப் பெரிய பிளான் வாங்க வேண்டுமா?

முடியும், நன்றாகவே இருக்கும். பிளானை மாற்ற வேண்டாம். நான் மாற்றிப் பார்த்துப் பணத்தை இழந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நங்கநல்லூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் எங்களுடையது. அம்மா ஏழு மணிக்கு சீரியல் பார்க்க உட்கார்ந்தால் பத்து மணி வரை டிவி அவருடையது. அதனால் ரிமோட் பிளே ஆப்பை லேப்டாப்பில் போட்டேன். படம் தெளிவாக வந்தது, ஆனால் பத்து இருபது நொடிக்கு ஒருமுறை சட்டென்று உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஓடியது. கனெக்‌ஷன் கொடுத்தவர்களுக்கு போன் செய்தேன். வந்த தம்பி ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டி, "அண்ணா, கேமிங்குக்கு 100 பத்தாது. 300க்கு ஏத்திக்குங்க, சரியாயிடும்" என்றார். ஏற்றினேன். மாதா மாதம் பணம் கூடப் போனது, படம் உறைவது மட்டும் அப்படியே இருந்தது.

நீங்களும் பிஎஸ்5-உம் ஒரே வீட்டில் இருக்கும்போது, கேமின் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. பிஎஸ்5 படத்தை வீடியோவாகச் சுருக்கி ரவுட்டருக்கு அனுப்புகிறது, ரவுட்டர் அதை உங்கள் லேப்டாப்புக்குத் தருகிறது. நீங்கள் அழுத்தும் பட்டன் அதே வழியில் திரும்பிப் போகிறது. ஆப்பில் லாகின் ஆவதற்கு இண்டர்நெட் வேண்டும், அவ்வளவுதான். சோனி சொல்லும் வேகமும் பெரிதல்ல: குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக இருக்க 15. எனவே 100 என்பதும் 300 என்பதும் இங்கே கணக்கிலேயே வராது. வீட்டுக்குள் இருக்கும் வைஃபைதான் கணக்கு.

வைஃபையிலும் வேகத்தை விட, படத்தைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டும் நேரத்துக்கு வருகிறதா என்பதுதான் பெரிய விஷயம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 17 மில்லிசெகண்ட். ஒரு பாக்கெட் 100 மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் ஆறு ஃபிரேம் போய்விட்டது. யூடியூப் சில நொடிகளுக்கான வீடியோவை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் அங்கே இந்தத் தாமதம் கண்ணில் படாது. கேமில் அடுத்த நொடியின் படம் இன்னும் உருவாகவே இல்லை, முன்கூட்டி வாங்கி வைக்க எதுவும் கிடையாது. ஸ்பீட் டெஸ்ட் அருமையாக இருக்கும்போதும் ரிமோட் பிளே திக்குவது இதனால்தான்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, நீங்கள் விளையாடப்போகும் அதே இடத்தில் உட்கார்ந்து, விளையாடும் அதே நேரத்தில் ரவுட்டருக்கு 100 பிங் அனுப்புங்கள். பிங் என்பது ஒரு சின்னச் செய்தி ரவுட்டருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான். `ipconfig` அடித்தால் Default Gateway என்று வருவதுதான் ரவுட்டரின் முகவரி. எங்கள் வீட்டில் அது இப்படி:

```
ping -n 100 192.168.1.1
```

முடிவில் வரும் Average எண்ணில் மயங்க வேண்டாம், Maximum எண்ணையும் Lost எண்ணையும் பாருங்கள். எனக்கு இரவு எட்டு மணிக்கு சராசரி 14 மில்லிசெகண்ட்தான் வந்தது. அதிகபட்சம் 230, தொலைந்தவை 2. அந்த 230-உம் அந்த இரண்டும்தான் படம் உறைந்த கணங்கள். காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் அளந்தபோது அதிகபட்சம் 30-ஐத் தாண்டவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைஃபை பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் கெடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒட்டியிருந்தது. அந்த பேண்டில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்தால் எங்கள் பெட்ரூமிலிருந்து இருபதுக்கு மேல் நெட்வொர்க் தெரிந்தது: மேல் மாடி, கீழ் மாடி, எதிர் பிளாக் எல்லாம் சேர்த்து. அத்தனை பேரும் மூன்று சேனலைப் பகிர்ந்துகொண்டால் காத்திருக்கத்தான் வேண்டும். நம் ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிடுவதால், எதில் இருக்கிறோம் என்பதே தெரிவதில்லை. ரவுட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து லேப்டாப்பையும் போனையும் அதில் மட்டும் இணைத்தேன். டிவி கேபினட்டுக்குள், செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்து கேபினட்டின் மேல் வைத்தேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு அதிகபட்சம் 19, தொலைந்தது எதுவும் இல்லை.

ஆனாலும் விளையாடும்போது அவ்வப்போது திக்கியது. இந்த இடத்தில் பலரும் "ரிமோட் பிளேயே இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நீங்கள் செய்த பிங் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள பாதியை மட்டும்தான் காட்டும். பிஎஸ்5-க்கும் ரவுட்டருக்கும் நடுவில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைச் சோதிக்க ஒரு சுலப வழி: லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுபோய், லேன் கேபிளில் நேராக ரவுட்டரில் செருகி, ரிமோட் பிளே ஓட்டுங்கள். அப்போதும் திக்கினால் குற்றம் பிஎஸ்5 பக்கத்து வைஃபையில். எனக்கு அப்போதும் திக்கியது.

பிஎஸ்5-உம் வைஃபையில், லேப்டாப்பும் வைஃபையில் என்றால், ஒவ்வொரு ஃபிரேமும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது, ஒருமுறை ரவுட்டருக்கு, ஒருமுறை ரவுட்டரிலிருந்து. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்கின்றன. கன்சோலை கேபிளில் போட்டால் ஒரு பயணம் முழுதாகக் காற்றிலிருந்து நீங்கிவிடும். மூன்று மீட்டர் கேட்6 கேபிள் ஒன்று வாங்கி பிஎஸ்5-இலிருந்து ரவுட்டருக்குப் போட்டேன். அன்றைக்கே திக்கல் நின்றது. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். 300 பிளானையும் மறுபடி 100க்கு இறக்கிவிட்டேன், எந்த வித்தியாசமும் இல்லை.

இதற்கும் எல்லை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் செங்கல் சுவரையும் கான்கிரீட் தூணையும் கடக்கச் சிரமப்படும். ஹாலுக்கு ஒட்டிய பெட்ரூமில் ஒரு சுவர்தான், பிரச்சினை இல்லை. பின்பக்கப் பெட்ரூமுக்கு நடுவில் இரண்டு சுவரும் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமும் இருப்பதால் பிங் மறுபடியும் 100-ஐத் தொடுகிறது. அதற்காக ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்காதீர்கள். அது வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே திருப்பி அனுப்புவதால், நாம் கஷ்டப்பட்டு நீக்கிய அந்த இரண்டாவது பயணம் திரும்ப வந்துவிடும். அந்த அறைதான் வேண்டும் என்றால் ஒரு கேபிளை ஓரமாக இழுத்து, அங்கே கேபிளில் வாங்கி வைஃபையாகத் தரும் ஒரு அக்சஸ் பாயிண்ட் வைப்பதுதான் சரி.

போனைப் பற்றித் தனியாக ஒன்று. கண்ட்ரோலரை போனுடன் ப்ளூடூத்தில் இணைப்போம். ப்ளூடூத்தும் அதே 2.4 பேண்டில்தான் ஓடுகிறது. போனும் 2.4 வைஃபையில் இருந்தால் இரண்டும் இடித்துக்கொண்டு, படம் சரியாக ஓடும்போதே பட்டன் மட்டும் தாமதமாக விழும். போனை 5-க்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். லேப்டாப்பில் கண்ட்ரோலரை டைப்-சி கேபிளிலேயே போட்டுவிடுங்கள். போனில் 720p வைத்தாலே போதும், அந்தத் திரையில் 1080p-க்கும் அதற்கும் எனக்குப் பெரிதாக வேறுபாடு தெரியவில்லை.

எல்லாம் சரியான பிறகும் டிவியில் நேராக விளையாடுவதைப் போல இருக்குமா என்றால், இல்லை. படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு நேரம் ஆகும். கதை சொல்லும் கேம், ஓப்பன் வேர்ல்டு, டர்ன் பேஸ்டு என்றால் பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். கிரிக்கெட் கேமில் பேட்டிங் டைமிங் எனக்கு எப்போதும் லேட்டாகத்தான் விழுகிறது. ஸ்பின்னுக்குச் சமாளிக்கலாம், வேகப்பந்துக்கு முடியவில்லை. ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் ஷூட்டரையும் ஃபைட்டிங் கேமையும் டிவி காலியாகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து விளையாடுவது வேறு கதை. அப்போதுதான் உங்கள் இண்டர்நெட் கணக்கில் வரும், அதுவும் வீட்டின் அப்லோடு வேகம். 100க்கு 100 தரும் ஃபைபர் என்றால் அதில் குறை இருக்காது. மொபைல் டேட்டாதான் இடிக்கும்: 15 எம்பிபிஎஸ் வீதம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 6.75 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கனெக்ட் ஆகவே மறுத்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கியது ஒன்று என்று இருந்தால், உங்களுடையதை அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, பிஎஸ்5-ஐ அணைக்காமல் ரெஸ்ட் மோடில் விட வேண்டும். Settings > System > Power Saving > Features Available in Rest Mode என்ற இடத்தில் Stay Connected to the Internet, Enable Turning on PS5 from Network இரண்டையும் ஆன் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போய் வந்தால் ரெஸ்ட் மோடு கலைந்து கன்சோல் முழுதாக அணைந்திருக்கும். அதை போனிலிருந்து எழுப்ப முடியாது, யாராவது போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். வெயில் காலத்தில் எங்கள் ஏரியாவில் இது அடிக்கடி நடக்கிறது. ஆபீஸில் இருக்கும்போது அப்படி ஆனால் அம்மாவுக்கு போன் செய்கிறேன். எந்தப் பட்டன் என்று இப்போது அவருக்கே தெரியும்.