“ரெரா விண்ணப்பிக்கப்பட்டுள்ளது” என்றால் டோக்கன் போடலாமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். தம்பி துபாயிலிருந்து ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறான்: “முன்பதிவு ஆரம்பம்! 50 சென்டில் 24 பிளாட்கள். கடலுக்கு 250 மீட்டர். 2 பெட்ரூம் 1,150 சதுர அடி, சதுர அடி ரூ.4,200 மட்டுமே. ரெரா விண்ணப்பிக்கப்பட்டுள்ளது. டோக்கன் ரூ.1 லட்சம்.” போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த “விண்ணப்பிக்கப்பட்டுள்ளது” என்ற சொல்தான் காரணம். ரெரா என்பது கட்டடத் திட்டங்களைப் பதிவு செய்து எண் கொடுக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, அந்தப் பதிவு எண் கிடைக்கும் முன் விளம்பரம் செய்வதே தவறு; முன்பதிவு வாங்குவதும் தவறு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் விலக்கு உண்டு. 50 சென்ட் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர், வீடோ 24. அதனால் அந்தச் சாக்கு இங்கே செல்லாது.

எண் வந்துவிட்டது என்று பில்டர் சொன்னால், rera.tn.gov.in தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண், கட்டுபவர் பெயர் மூன்றும் விளம்பரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதே பில்டரின் வேறொரு கட்டடத்தின் எண்ணையோ, மனைப்பிரிவுக்கு வாங்கிய எண்ணையோ போட்டுவிட்டால் அவசரத்தில் பார்க்கிறவருக்குத் தெரியாது. முடித்துத் தருவதாகப் பில்டர் எழுதிக் கொடுத்த தேதியும் அங்கேயே இருக்கும். விற்பனையாளர் வாயால் சொல்லும் தேதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் வேடிக்கையாக இருக்கும்.

அப்புறம் அந்த 1,150 சதுர அடி. எந்த அளவு என்று விளம்பரத்தில் இல்லை. பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் உங்கள் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் அளவாகத்தான் இருக்கும். சட்டம் கேட்கச் சொல்வது கார்பெட் ஏரியா: வெளிச்சுவரும் பால்கனியும் சேராமல், உள்சுவர்கள் மட்டும் சேர்த்த, வீட்டுக்குள் புழங்கும் இடம். அது 780 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். வீட்டு விலை 1,150 × 4,200, அதாவது ரூ.48,30,000. அதை 780ஆல் வகுத்தால் சதுர அடி ஏறத்தாழ ரூ.6,192. பக்கத்து ஊர் வீட்டோடு ஒப்பிடும்போது இந்த விலையைத்தான் எடுக்க வேண்டும், 4,200ஐ அல்ல.

“கடலுக்கு 250 மீட்டர்” என்பது கவர்ச்சி வரி. நம் கரையில் அதுதான் கேள்விக்குரிய வரியும்கூட. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். மணலில் அலை நனைக்கும் இடத்திலிருந்து அளப்பது கணக்கில்லை, வரைபடத்தில் குறித்த கோடுதான் கணக்கு. அந்த மண்டல அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். உள்ளூர் கட்டட அனுமதியைக் காட்டி “இதுவே போதும்” என்றால், விலகிவிடுங்கள்.

பதிவு எண், கார்பெட் ஏரியா, அனுமதிக் கடிதம் மூன்றும் சரி என்றானபின் பணம் கொடுக்கலாம். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது ரூ.4.83 லட்சம். தம்பி அனுப்பிய அந்த விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். அதில் சொன்னது பொய்யாகி நஷ்டம் வந்தால், இழப்பீடு கேட்க அதுவே சான்று.