42,340 தப்பில்லை, ஒரு கழித்தல்தான் பாக்கி

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். புவிநிலைத் துணைக்கோளின் உயரம் கண்டுபிடிக்கும் கணக்கில் அவளுக்கு 42,340 கி.மீ. வருகிறது. டியூஷனில் "36,000 என்று மனப்பாடம் பண்ணு, போதும்" என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் 35,786 என்று இருக்கிறது. எது சரி, அவள் எங்கே தப்புப் பண்ணுகிறாள்?

பதில்: உங்கள் மகள் தப்பே பண்ணவில்லை. கடைசி வரிக்கு முந்தைய வரியில் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். 42,340 என்பது பூமியின் மையத்திலிருந்து துணைக்கோள் வரை உள்ள தூரம். உயரம் என்று கேட்டால் தரையிலிருந்து அளக்க வேண்டும். பூமியின் ஆரம் 6,400 கி.மீ.யைக் கழித்தால் 35,940 வரும். டியூஷன்காரர்கள் சொல்லும் 36,000 இதை வட்டமாக எடுத்ததுதான்.

அவள் போட்ட கணக்கை ஒருமுறை நாமும் போட்டுப் பார்ப்போம். துணைக்கோள் வட்டத்தில் சுற்ற வேண்டுமானால் அதை உள்நோக்கி ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மையநோக்கு விசையைத் தர அங்கே கயிறு கிடையாது, பூமியின் ஈர்ப்பு மட்டும்தான். அதனால் இரண்டையும் சமப்படுத்துகிறோம். r என்பது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம், T ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்:

```
GMm/r² = m(2π/T)² r
r³ = gR²T²/4π²
```

துணைக்கோளின் நிறை m இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. ஒரு டன் எடையானாலும் ஐந்து டன்னானாலும் உயரம் ஒன்றுதான். GM-க்குப் பதிலாக gR² போட்டுக்கொள்ளலாம். g = 9.8, R = 64,00,000 மீட்டர் என்று எடுத்தால் gR² = 4.014 × 10¹⁴. புவிநிலைத் துணைக்கோள் பூமியோடு சேர்ந்தே ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுவதால் T ஒரு நாள், அதாவது 86,400 விநாடி, அதன் வர்க்கம் 7.465 × 10⁹. இரண்டையும் பெருக்கி, 4π² ஆகிய 39.48-ஆல் வகுத்தால் 7.59 × 10²² கிடைக்கும். இதை அப்படியே வைத்துக் கனமூலம் எடுக்க முடியாது, 22 மூன்றால் வகுபடாது. 75.9 × 10²¹ என்று மாற்றி எழுத வேண்டும். 75.9-இன் கனமூலம் 4.234. ஆக r = 4.234 × 10⁷ மீட்டர், அதாவது 42,340 கி.மீ.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எனக்குத் தெரிந்து வகுப்புக்கு நாலு பேராவது அதில் விழுவார்கள். "பூமி இழுக்கும் விசை mg" என்று எழுதிவிட்டு, g-க்கு 9.8-ஐயே போட்டுவிடுவார்கள். 9.8 என்பது தரையில் மட்டும். மையத்திலிருந்து ஆறரை மடங்கு தூரம் போனால் g வெறும் 0.22 தான். அங்கேயும் 9.8 என்று வைத்துக் கணக்குப் போட்டால் r சுமார் 18,50,000 கி.மீ. வரும். நிலாவே 3,84,000 கி.மீ.யில்தான் இருக்கிறது! உங்கள் வீட்டு மொட்டைமாடி டிஷ் பார்க்கும் துணைக்கோள் நிலாவைத் தாண்டி உட்கார்ந்திருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்தால் தப்பு தெரிந்துவிடும். யோசிக்கத்தான் யாரும் விடுவதில்லை.

அந்த "ஒரே பக்க ஃபார்முலா நோட்ஸ்" விற்பவர்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுக்கும் அந்தத் தாளில் ஒரு வரியில் r என்று இருக்கும், அடுத்த வரியில் அதையே உயரத்துக்கான h என்று போட்டிருப்பார்கள். நான் பார்த்த ஒன்றில் மேலே இருக்கும் சமன்பாட்டிலேயே r இருந்த இடத்தில் h. அதன்படி போட்டால் 42,340-ஐயே உயரம் என்று எழுதிவிட்டு வரவேண்டியதுதான். திருத்துகிற பக்கமும் ஒழுங்கில்லை. விடைக்குறிப்பில் 36,000 என்று ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, கேள்வியில் மட்டும் ஒரு தடவை "உயரம்" என்றும் இன்னொரு தடவை "சுற்றுப்பாதையின் ஆரம்" என்றும் கேட்பார்கள். ஆரத்தைக் கேட்ட கேள்விக்கு ஆரத்தையே சரியாக எழுதிய பையனுக்கு மதிப்பெண் போச்சு என்று திருத்தும் மேசையில் நானே சண்டை போட்டிருக்கிறேன். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: இரண்டையும் எழுதட்டும். "மையத்திலிருந்து இவ்வளவு, தரையிலிருந்து இவ்வளவு" என்று இரண்டு வரி. எவரும் கை வைக்க முடியாது.

சரி, இணையத்தில் இருக்கும் 35,786? அதற்கும் 35,940-க்கும் 154 கி.மீ. வித்தியாசம். அதில் பாதி, g-யையும் R-ஐயும் வட்டமாக எடுத்ததால் வந்தது. அதை விட்டுவிடலாம். மீதிப் பாதிதான் ருசியானது: "ஒரு நாள்" என்று எதைச் சொல்கிறோம்?

நம் கடிகாரத்தின் 24 மணி நேரம் என்பது ஒரு உச்சிவேளையிலிருந்து மறு உச்சிவேளை வரை. ஆனால் பூமி தன்னைத்தானே ஒரு முழுச்சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது. அந்த நேரத்தில் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. சூரியனை மறுபடி நேராகப் பார்க்க அந்த ஒரு பாகையும் கூடுதலாகத் திரும்ப வேண்டும், அதற்கு நாலு நிமிடம். இதை வானத்திலேயே பார்க்கலாம். கார்த்திகை மாதம் பொழுது சாயும்போது கிழக்கே எழும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், தினமும் நாலு நிமிடம் முந்தி முந்தி, சித்திரையில் பொழுது சாயும்போது மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும்.

துணைக்கோள் ஒத்துப்போக வேண்டியது பூமியின் சுழற்சியோடு, சூரியனோடு அல்ல. ஆகவே T = 86,164 விநாடி. g, R, T மூன்றையும் துல்லியமாகப் போட்டால் r = 42,164 கி.மீ. நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கி.மீ. கழித்தால் 35,786.

நாலு நிமிடத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பீர்கள். சரியாக 24 மணி நேரச் சுற்றுக்காலத்தில் ஒரு துணைக்கோளை வைத்தால் அது 77 கி.மீ. கூடுதல் உயரத்தில் இருக்கும், தினமும் ஒரு பாகை மேற்கே பின்தங்கும். இன்று கிழக்கு 83 பாகையில் இருந்தால் நாளை 82, மறுநாள் 81. மாடியில் திருகி இறுக்கிய டிஷ் நகராது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் "சிக்னல் இல்லை" என்று வரும். சுமார் ஒரு வருடம் கழித்து உலகத்தைச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும். அதற்குள் டிஷ் பொருத்துகிற ஆள் நாலு தடவை வந்து ஏதாவது பாகத்தை மாற்றிக் காசு வாங்கியிருப்பார்.

தேர்வில் இதையெல்லாம் எழுத வேண்டாம். கேள்வியில் ஒரு நாள் என்று இருந்தால் 86,400 போடட்டும், மாற்றிப் போட்டால் அதற்கும் ஒரு சண்டை நடக்கும்.

அவளுக்குப் புரிந்துவிட்டதா என்று பார்க்க இதே சமன்பாட்டில் T-க்கு 27.3 நாள் போடச் சொல்லுங்கள். நிலாவின் தூரம் 3,84,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணி 29.5 நாள் போட்டால் 4,04,000 வந்து நிற்கும். ஏன் என்று கேளுங்கள்.