முடிவு வந்த பிறகும் பங்கு ஏறுமா?

கேள்வி: காலாண்டு லாபம் எதிர்பார்ப்பைவிட மிக அதிகமாக வந்தால் பங்கு அதற்குப் பிறகும் ஏறுமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஏறும் போக்கை 1968-லேயே ஆய்வாளர்கள் பால், பிரவுன் காட்டினார்கள். 1989-இல் பெர்னார்டு, தாமஸ் பார்த்தபோது ஏற்றத்தில் பெரும்பகுதி சுமார் 60 வர்த்தக நாட்களுக்குள் வந்தது. இப்போது பெரிய பங்குகளில் இது நன்றாகவே மங்கிவிட்டது. அதனால் நீங்களே சோதிப்பது நல்லது.

ஒரு பங்குக்கான லாபத்தில் எதிர்பார்ப்பு 10, வந்தது 13, பங்கு விலை 400 என்று வையுங்கள். வித்தியாசத்தை விலையால் வகுத்தால் 0.75%. எல்லாப் பங்குகளையும் இப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள 10% பங்குகளை மட்டும் எடுங்கள். மாலையில் அறிவிப்பு வந்து மறுநாள் காலை 8% தாவினால், அந்த 8% உங்களுடையது அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். மறுநாள் சந்தை மூடும்போது உள்ள விலையில் வாங்கியதாகக் கணக்கிட்டு, தினமும் பங்கின் வருமானத்திலிருந்து சந்தை வருமானத்தைக் கழித்துக் கூட்டுங்கள்.

அப்புறம் அந்தக் கூட்டுத்தொகையைக் கோடாக வரைந்து, அது எங்கே தட்டையாகிறது என்று பாருங்கள். அடுத்த காலாண்டு அறிவிப்பை ஒட்டிய 3 நாட்களைத் தனியாகவும் பிரியுங்கள்; ஏற்றத்தில் கணிசமான பகுதி அங்கே குவியும். அதற்கு முன்பே விற்றால் அது கை நழுவும். சிறிய பங்குகளில் ஏற்றம் அதிகம் தெரியும், ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே அதைத் தின்றுவிடலாம்.