தையல் விடுகிறதா, நூல் அறுகிறதா? முதலில் ஊசியைக் கழற்றுங்கள்

மஸ்கெலியாவிலிருந்து, வீட்டில் தைத்துக் கொடுப்பவர்: டீச்சர், எனது கறுப்புத் தலை மிதி மெஷினில் நாலைந்து தையலுக்கு ஒன்று விட்டுப்போகிறது. சீருடைத் துணியில் குறைவு, ஜீன்ஸ் மடிப்பில் அதிகம். பொபின் கேஸ் திருகாணியை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துவிட்டேன்.

தங்கச்சி, அந்தத் திருகாணியை முதலில் பழைய இடத்துக்கே கொண்டு வந்து விடுங்கள். தையல் விடுவதற்கும் அதற்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. டென்ஷன் என்பது விழுந்த தையலை இறுக்குவது. உங்கள் மெஷினில் தையல் விழவே இல்லை.

மெஷினின் ஊசித் தட்டைக் கழற்றி, பொபின் கேஸையும் எடுத்து வைத்துவிட்டு, மேல் நூல் கோத்த ஊசியின் கீழே ஒரு துண்டுத் துணியை வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி அடிமட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது, துணிக்கு அடியில் நூல் பின்தங்கி, ஊசியின் ஒரு பக்கத்தில் சிறிய வளையமாகப் புடைக்கும். ஷட்டிலின் கொக்கி முனை அந்த நேரத்தில் அந்த வளையத்துக்குள் புகுந்தால் ஒரு தையல் விழுந்துவிடும். வளையம் சிறியதாக இருந்தாலோ, ஊசி வளைந்து கொக்கியை விட்டு ஒரு மயிரிழை தள்ளி நின்றாலோ கொக்கி வெறுமனே கடந்து போகும், அந்த இடத்தில் தையல் விடும்.

எனவே ஊசியைக் கழற்றி, அதன் தட்டையான பக்கத்தைக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே கண்ணை அதே மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்று தண்டிலிருந்து முனை வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். முனைப் பக்கம் அகன்றோ ஒடுங்கியோ போனால் ஊசி வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஜீன்ஸ் மடிப்பில் மட்டும் அதிகம் விடுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மெல்லிய ஊசி தடித்த மடிப்பில் இடித்து நெளிகிறது என்றே நினைக்கிறேன். சீருடைப் பொப்ளினுக்கு 80/12 அல்லது 90/14 போதும், ஜீன்ஸுக்கு 100/16 போடுங்கள். முன்னால் உள்ள எண் ஊசியின் பருமன்: 100 என்றால் 1 மில்லிமீட்டர், 90 என்றால் 0.9. மடிப்பின் மேல் ஏறும்போது அழுத்துபாதம் முன்பக்கம் தூக்கி நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். அப்போது துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும், வளையம் புடைக்காது. அதே தடிப்புள்ள ஒரு துணி மடிப்பைப் பாதத்தின் பின்னால் செருகினால் பாதம் சமனாக நிற்கும்.

பசறையிலிருந்து ஓர் இளைஞர்: தங்கை கார்மென்ட்டில் வேலை செய்கிறாள். அவள் கொண்டுவந்த நல்ல ஊசிகளை அம்மாவின் மெஷினில் போட்டேன். இப்போது கீழ் நூல் மேலே வரவே மாட்டேன் என்கிறது. மெஷின் பழுதாகிவிட்டதா?

மெஷின் பழுதாகவில்லை, தம்பி. ஊசி நல்ல ஊசிதான், ஆனால் வேறு மெஷினுடைய ஊசி. கார்மென்ட்டில் ஓடும் ஜூக்கிக்கான ஊசியின் தண்டு முழு வட்டமாக இருக்கும். வீட்டு மெஷின் ஊசியின் தண்டிலோ ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஜூக்கி ஊசிகளில் பலவற்றின் தண்டு மெல்லியது, நீளமும் வேறு. அது வீட்டு மெஷினின் பிடிக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் தொல்லை. நுழையாமல் இருந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். கொக்கி வந்து சேரும் வேளையில் ஊசிக்கண் அதற்கு உரிய உயரத்தில் இல்லாததால், கொக்கிக்கு வளையம் கிடைப்பதே இல்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒருமுறை டவுன் கடையொன்றில் இரண்டு வகையும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. நான் பாராமல் வாங்கி வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டிய ஒரு முழுப் பிற்பகலை ஷட்டிலைக் கழற்றி மாட்டுவதிலேயே போக்கினேன்.

தட்டைப் பக்கம் உள்ள ஊசியை வாங்கிய பிறகும், அதை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்ற கேள்வி எழும். பழைய மெஷின்களில் இது மெஷினுக்கு மெஷின் மாறும், எனவே வலம், இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஊசியின் மேல் நகத்தை வைத்துத் தண்டிலிருந்து கண் வரை இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஒன்று நகத்தில் தட்டும், மறுபக்கத்தில் கண்ணுக்குச் சற்று மேலே சிறிய குழிவு மட்டும் இருக்கும். ஊசிக்கு மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் நீளப் பள்ளம் வர வேண்டும்; நூலும் அந்தப் பக்கமிருந்தே கண்ணுக்குள் நுழைய வேண்டும். பிறகு ஊசியைப் பிடிக்குள் முட்டும் வரை மேலே தள்ளி இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றாலும் தையல் விடும்.

ஹட்டனிலிருந்து, நாற்பது வருடத் தையல்காரர்: துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் பொபின் தளர்ந்துவிட்டது என்றுதான் எங்கள் மாஸ்டர் சொல்லித் தந்தார். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஊசியைச் சொல்கிறீர்களே?

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்: கூடு கட்டுவதற்கு நானும் ஊசியைச் சொல்ல மாட்டேன். ஆனால் பொபினையும் முதலில் சொல்ல மாட்டேன். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிற நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள். அடியில் கட்டும் கூடு சிவப்பாக இருந்தால் அது மேல் நூல். மேலே அதை இழுத்துப் பிடிப்பார் இல்லாததால் கீழே குவிகிறது. பொபின் தளர்ந்திருந்தால் இதற்கு எதிர்மாறாக, வெள்ளை நூல் துணியின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தலை காட்டும்.

சிவப்புக் கூட்டுக்கு நான் கண்ட பெரும்பாலான காரணம், அழுத்துபாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோப்பதுதான். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டி நிற்கும், நூல் அவற்றுக்கு நடுவே இறங்காமல் விளிம்பில் கிடக்கும். பாதத்தைத் தூக்கி நூலைக் கோத்த பிறகு பாதத்தை இறக்கி, ஊசிக்கு முன்னால் நூலை இழுத்தால் கை விரலில் இறுக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி கோக்க வேண்டியதுதான். மேலும் கீழும் ஆடும் நூல் கையின் துளையைத் தவறவிட்டாலும் இதே கூடுதான்.

உங்கள் மாஸ்டர் பொபினைப் பார்க்கச் சொன்னது வீண் அல்ல. பொபின் கேஸின் தகட்டுக்கு அடியில் பஞ்சுத் தூசு அடைந்தால் தகடு தூக்கி நிற்கும். இறுக்கம் ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. திருகாணியைத் தொடாமல், மடித்த கடதாசியின் ஓரத்தைத் தகட்டுக்கு அடியில் விட்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை வெளியே வரும். பிறகு நூலைப் பிடித்துக் கேஸைக் கீழே தொங்கவிடுங்கள். அது அப்படியே தொங்க வேண்டும். கையை இலேசாக உதறினால் இரண்டு மூன்று விரலளவு இறங்கி நிற்க வேண்டும். தானாகவே கீழே ஓடினால் தளர்வு, உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். திருத்துவதானால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு துணியை விரித்து அதன் மேல் செய்வது நல்லது. அந்தத் திருகாணி விழுந்தால் பலகைத் தரையில் கிடைக்காது.

நுவரெலியாவிலிருந்து: காலையில் மெஷின் மிதிக்கவே கனமாக இருக்கிறது, நூலும் அறுகிறது. மத்தியானம் பரவாயில்லை. எண்ணெய் நிறையப் போடுகிறேன்.

என்ன எண்ணெய் என்று நீங்கள் எழுதவில்லை, அக்கா, ஆனால் தேங்காயெண்ணெய் என்று ஊகிக்கிறேன். ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். நுவரெலியாக் காலையில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாகக் கட்டிப் போய் நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். ஷட்டில் ஓடும் வளையத்துக்குள்ளும் அதேதான் நடக்கிறது. நாள்பட அது பிசினாகவும் மாறும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஷட்டிலையும் அது ஓடும் வளையத்தையும் துடைத்து, காய விட்டு, மெஷின் எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம். நல்ல துணியைத் தொடுமுன் கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டி எண்ணெயை வெளியேற்றுங்கள். நூல் அறுவதற்கும் இதுவே முழுக் காரணமா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. பழைய பருத்தி நூலாக இருந்தால் கையால் இழுத்தாலே அறும்.

பண்டாரவளையிலிருந்து: ஓவர்லொக் மெஷினில் பொபினை எங்கே இறுக்குவது?

ஓவர்லொக்கில் பொபின் இல்லை. அதன் கீழ் நூல்கள் லூப்பர்களில் ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டென்ஷன் குமிழ் உண்டு.

மீண்டும் மஸ்கெலியாவிலிருந்து: 100/16 ஊசி போட்டேன், ஜீன்ஸில் தையல் விடுவதில்லை. ஆனால் இப்போது ஊசிக்குப் பக்கத்தில் நூல் அறுகிறது. பெரிய கோன் நூல்தான் போடுகிறேன்.

அறுந்த நுனியைப் பாருங்கள், தங்கச்சி. வெட்டியது போலச் சுத்தமாக இருந்தால் எங்கோ நூல் சிக்கி இறுகுகிறது. துடைப்பம் போலப் பிரிந்து நின்றால் ஏதோ உராய்கிறது.

சிக்குகிறது என்றால் முதலில் கோனைப் பாருங்கள். நூல் கட்டைக்கான கம்பியில் கோனைச் செருகினால் கோன் தள்ளாடும், நூல் அடிப்பாகத்தில் சுற்றிக்கொள்ளும். மெஷினுக்குப் பின்னால் ஒரு கோப்பைக்குள் கோனை நிமிர்த்தி வைத்து, நூல் நேராக மேலே எழும்பி ஒரு கொக்கி வழியாக மெஷினுக்கு வரும்படி செய்யுங்கள்.

நுனி பிரிந்து நின்றால் ஊசித் தட்டின் துளையைப் பாருங்கள். முன்பு வளைந்த ஊசி அதில் பலமுறை குத்தியிருக்கும். துளையின் ஓரத்தில் பஞ்சைத் தேய்த்தால், கீறல் உள்ள இடத்தில் இழை ஒட்டிக்கொள்ளும். 1000 நம்பர் எமரி கடதாசியை ஒரு நூலைப் போல மெல்லிய பட்டையாக வெட்டி, துளைக்குள் விட்டு அந்த இடத்தை மட்டும் இழுத்துத் தேய்த்து, மறுபடி பஞ்சை வைத்துப் பாருங்கள். ஷட்டில் கொக்கியின் முனையிலும் கீறல் இருக்கலாம், ஆனால் அதைத் தேய்க்க வேண்டாம். முனை மழுங்கினால் வளையத்தைப் பிடிக்காது, மறுபடியும் தையல் விடும்.

தலவாக்கலையிலிருந்து: டீ-சேர்ட் துணியில் புது ஊசி போட்டும் தையல் விடுகிறது, மற்றத் துணியில் விடுவதில்லை.

சாதாரண ஊசியாக இருந்தால் புதிதாக இருந்தும் பயனில்லை. பின்னல் துணி ஊசியோடு இழுபட்டு நீளும், வளையம் சுருங்கிப் போகும். உருண்டை முனை ஊசி, அதிலும் இழுபடும் துணிக்கென்றே வரும் 75/11 போட்டுப் பாருங்கள். அதற்கும் விட்டால் ஊசித்தண்டின் உயரமோ கொக்கி வரும் நேரமோ மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், கடிதத்தில் அதைத் தீர்மானிக்க முடியாது. திருத்துபவரிடம் கொண்டு போகும்போது, அந்த டீ-சேர்ட் துணியிலேயே ஒரு முழத் துண்டும் நீங்கள் போட்ட நூலும் சேர்த்துக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் பொப்ளின் துண்டில் ஓட்டிப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.