உறுப்பினர் குறைந்தும் கட்சிகள் எப்படிப் பிழைக்கின்றன?

"உறுப்பினர்கள் விலகிக்கொண்டே இருந்தால் கட்சி எப்படி நடக்கும்? கார்ட்டெல் கட்சி என்றால் என்ன?"

ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியைப் பாருங்கள். தொழிலாளர் சந்தாவில் வளர்ந்த அக்கட்சி, 1959இல் கோடெஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தைக் கைவிட்டு, எல்லாத் தரப்பினரின் வாக்கையும் தேடியது. அரசியல் அறிஞர் ஓட்டோ கிர்ச்ஹைமர் இத்தகைய கட்சிகளை 'அனைவரையும் அள்ளும் கட்சி' என்றார். 1976இல் பத்து லட்சத்தைத் தாண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, இன்று நான்கு லட்சத்துக்கும் கீழே.

அந்த இடைவெளியை அரசுப் பணம் நிரப்புகிறது. போட்டிக் கட்சிகளே கூடிச் சட்டமியற்றி அந்தப் பணத்தைப் பகிர்ந்துகொள்வதைத்தான் 1995இல் அரசியல் அறிஞர்கள் காட்ஸும் மையரும் 'கார்ட்டெல்' என்றார்கள். தலைமை தொண்டரைவிட அரசையே சார்ந்திருக்கிறது. என்னை உறுத்துவது இதுதான்.

ஆனால் ஜெர்மனியில் தொண்டருக்கும் புதிய கட்சிகளுக்கும் கதவு முழுதாக அடைபடவில்லை. கட்சி தானே திரட்டும் வருவாயைவிட அரசு உதவி அதிகமாகக் கூடாது; கூட்டாட்சித் தேர்தலில் 0.5 சதவீத வாக்குப் பெற்ற புதிய கட்சிக்கும் பங்கு உண்டு.